கூட்டம் கோணலாகிவிட்டதா? பையருக்கு அடுத்து என்ன எழுதுவது

திருப்பூரில் மெர்ச்சண்டைசர் வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு எந்த வேலை எந்தத் தேதியில் என்று குறிக்கும் டி அண்ட் ஏ அட்டவணை போடவும், காஸ்டிங் பார்க்கவும், சாம்பிள் அனுப்பவும் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறது. ஆடைகளை வாங்கும் நிறுவனத்தின் ஆளான பையருடன் நடந்த வீடியோ கூட்டம் கெட்டுப்போன அன்று மாலை என்ன எழுத வேண்டும் என்று யாரும் சொல்லித்தருவதில்லை. பெரும்பாலும் ஒரு நீண்ட மன்னிப்புக் கடிதம் போகும், அல்லது மறுநாள் ஒன்றுமே நடக்காததுபோல வழக்கமான நிலவர மெயில் போகும். இரண்டாலும் பையருக்குப் பயனில்லை.

இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கும் வகையான ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு, முதல் மெயிலிலிருந்து கடைசி மெயில் வரை படிப்படியாகப் பார்க்கலாம். மெயில்கள் ஆங்கிலத்தில்தான் போகும். இங்கே அவற்றின் பொருளைத் தமிழில் தருகிறேன்.

நடந்தது இதுதான்

ஜெர்மனியிலுள்ள ஒரு பையர். ஆர்டர் 12,000 டி-ஷர்ட். நூறு சதவீதப் பருத்தி சிங்கிள் ஜெர்சி, 160 ஜிஎஸ்எம். வெள்ளை, சாம்பல், நேவி என்று மூன்று நிறங்கள், ஒவ்வொன்றிலும் 4,000. சரக்கு 24ஆம் தேதி தொழிற்சாலையை விட்டுக் கிளம்ப வேண்டும். 3ஆம் தேதி செவ்வாய்க்கிழமை வீடியோ கூட்டம்.

நேவி துணி என்ன ஆயிற்று என்று பையர் கேட்கிறார். மெர்ச்சண்டைசர், "மொத்தமும் தயார், நாளை கட்டிங்" என்கிறார். பத்து நிமிடம் கழித்து வேறு ஏதோ பேச்சில் உற்பத்தி மேலாளர் வாயைத் திறக்கிறார்: "இரண்டாவது லாட் ஷேடு வரவில்லை, திரும்பச் சாயத்துக்குப் போயிருக்கிறது." பையர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இரண்டில் எது உண்மை?" என்று கேட்கிறார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விளக்கம் சொல்ல ஆரம்பிக்கிறார்கள். "எழுத்தில் அனுப்புங்கள்" என்று சொல்லிவிட்டு, மீதிப் பேச்சை விட்டுவிட்டு அவர் வெளியேறிவிடுகிறார்.

யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. பின்னலாடைத் தொழிலில் நிட்டிங் ஓர் இடம், சாயம் ஓர் இடம், துணி பின்னால் சுருங்காதபடி இறுக்கும் காம்பேக்டிங் ஓர் இடம் என்று வேலை ஜாப் ஒர்க்காகப் பிரிந்து கிடக்கிறது. மெர்ச்சண்டைசரின் மேசைக்கு வருவது போனில் கேட்ட செய்திதான். சாயப்பட்டறை மேற்பார்வையாளர், "நேவி நேற்றே முடிந்துவிட்டது தம்பி" என்றால், மெஷினிலிருந்து துணி இறங்கிவிட்டது என்று அர்த்தம். அது காய்ந்து, காம்பேக்டிங் முடிந்து, லைட் பாக்ஸ் என்ற விளக்குப் பெட்டியில் வைத்து ஷேடு பார்த்துத் தேறியதா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்காமல் கூட்டத்தில் உட்கார்ந்ததுதான் வினை.

எழுதும் முன்: எது உடைந்தது?

கூட்டம் முடிந்த சூட்டோடு மெயில் எழுத உட்காராதீர்கள். ஒரு தாளை எடுத்து, பையர் கேட்ட கேள்விகளை அவர் கேட்ட வரிசையிலேயே எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நம் தரப்பிலிருந்து என்ன பதில் போனது, யார் சொன்னது என்று பக்கத்தில் குறியுங்கள். கூட்டத்தில் இருந்த இன்னொருவரிடம் அதைக் காட்டிச் சரிபாருங்கள். நாம் சொன்னதாக நினைப்பதும் திரையில் உண்மையில் சொன்னதும் பல நேரம் ஒன்றாக இருப்பதில்லை.

அந்தத் தாளைப் பார்த்தால் பையரின் பேச்சு எந்த இடத்தில் மாறியது என்று தெரிந்துவிடும். இந்தக் கூட்டத்தில் அவர் மாறியது ஷேடு வரவில்லை என்று கேட்டபோது அல்ல. அடர் நிறத்தில் ஒரு லாட் தவறுவது துணி வாங்கும் எவருக்கும் புதிதல்ல. ஒரே நிறுவனத்தின் இரண்டு பேர் இரண்டு பதில் சொன்னபோதுதான் அவர் அமைதியானார். அதற்குப் பிறகு அவர் மனத்தில் ஓடியிருக்கக்கூடியது, வெள்ளையும் சாம்பலும் தயார் என்று சொன்னார்களே, அதுவாவது நிஜமா என்பதுதான்.

ஆகவே நம் மெயில்களுக்கு இரண்டு வேலைகள் இருக்கின்றன: நேவி துணிக்கு ஒரு வழி சொல்வது, நாம் எழுதுவதைச் சரிபார்த்துக்கொள்ள அவருக்கு வாய்ப்புத் தருவது. புதியவர்கள் முதல் வேலையை மட்டும் செய்துவிட்டு, பதில் ஏன் வரவில்லை என்று காத்திருப்பார்கள்.

பையருக்குத் திருப்பூரில் அலுவலகமோ, நடுவில் பையிங் ஹவுஸோ இருந்தால் மெயிலுக்கு முன்பே அங்கே ஒரு போன் போட்டுவிடுங்கள். விஷயம் ஜெர்மனியிலிருந்து சுற்றிக்கொண்டு அவர்களிடம் வந்தால், உள்ளூரில் இருக்கும் ஒரே நண்பரையும் இழப்பீர்கள்.

அன்றே போக வேண்டிய நான்கு வரி

முதல் மெயில் அன்றே போக வேண்டும், அதுவும் பையரின் அலுவலக நேரம் முடிவதற்குள். கோடையில் ஜெர்மனி நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது, குளிர்காலத்தில் நாலரை மணி நேரம். அங்கே மாலை 5 மணி என்றால் இங்கே கோடையில் இரவு எட்டரை. அவகாசம் இருக்கிறது. ஆனால் அந்த அவகாசத்தில் முழு விளக்கத்தையும் எழுதிவிட முயலக் கூடாது, ஏனென்றால் நமக்கே இன்னும் உண்மை தெரியாது.

> வணக்கம். இன்றைய கூட்டத்தில் நேவி துணியைப் பற்றி எங்கள் தரப்பில் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு பதில்களைச் சொன்னோம். எது சரி என்று நீங்கள் கேட்டதற்கும் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. நாளை காலை நான் சாயப்பட்டறைக்கு நேரில் சென்று இரண்டு லாட்டுகளையும் பார்க்கிறேன். துணியின் உண்மை நிலை, அதனால் தேதியில் வரும் மாற்றம் இரண்டையும் உங்கள் நேரம் நாளை மதியம் 1 மணிக்குள் எழுத்தில் அனுப்புகிறேன்.

இதில் மன்னிப்பு என்ற சொல்லே இல்லை. விட்டுப்போனதல்ல. என்ன தவறு நடந்தது என்று அவர் கண்ட அதே வடிவில் நாமே எழுதியிருக்கிறோம், இந்த நிலையில் அதுவே போதும். மன்னிப்பு அடுத்த மெயிலில் வரும், அப்போது அதற்குப் பக்கத்தில் வைக்க ஏதாவது இருக்கும்.

நேரத்தைப் பையரின் கடிகாரப்படி எழுதியிருப்பதைக் கவனியுங்கள். "நாளைக்குள்" என்று எழுதினால் இந்திய நள்ளிரவா, ஜெர்மன் காலையா என்று தெரியாது. குறித்த நேரத்தைக் கொடுத்துவிட்டு அதற்கு அரைமணி முன்பே அனுப்புவதுதான் இந்த மெயிலின் முழு நோக்கமும். இழந்த நம்பிக்கையில் முதல் சில்லறை அங்கேதான் திரும்பி வருகிறது.

யாருக்கு நகல் போக வேண்டும் என்பதில் ஒரு விதி போதும்: கூட்டத்தில் இருந்தவர்கள் எல்லாருக்கும், இல்லாதவர்கள் யாருக்கும் வேண்டாம். நம் முதலாளியைப் புதிதாகச் சேர்த்தால் விஷயம் பெரிதாகிவிட்டதாகத் தோன்றும். உளறிய உற்பத்தி மேலாளரை நீக்கினால் அவரை ஒளித்துவைப்பதாகத் தோன்றும். உண்மையில் அன்று சரியான பதிலைச் சொன்னவர் அவர்தான்!

சாயப்பட்டறையில் எதைப் பார்ப்பது

மறுநாள் காலை நேரில் போய்விடுங்கள். போனில் கேட்டு எழுதினால் செவ்வாய்க்கிழமை நடந்ததே திரும்ப நடக்கும். லாட் கார்டைக் கேட்டு வாங்கி, எத்தனை கிலோ, எந்தத் தேதியில் இறங்கியது, இப்போது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள். இரண்டு லாட்டிலிருந்தும் ஒரு துண்டு வெட்டி வாங்கி, பையர் ஒப்புதல் தந்த நிற மாதிரியான லேப் டிப்போடு சேர்த்து லைட் பாக்ஸில் வையுங்கள். பகல் வெளிச்ச விளக்கில் ஒரு முறை, பையர் குறித்துக்கொடுத்த கடை விளக்கில் ஒரு முறை பார்க்க வேண்டும். ஒரு விளக்கில் ஒத்துப்போகும் நேவி இன்னொன்றில் சிவப்படிப்பது வழக்கமான தொல்லை.

நம் கதையில் கண்டது இது. நேவிக்கு மொத்தம் 760 கிலோ துணி, 380 கிலோ வீதம் இரண்டு லாட்டுகளாகச் சாயம் போட்டிருக்கிறார்கள். முதல் லாட் சரி. காம்பேக்டிங்கும் முடிந்துவிட்டது, 2,000 டி-ஷர்ட்டுக்குப் போதும். இரண்டாவது லாட் ஒப்புதல் பெற்ற நிறத்தைவிட வெளிறி, சற்றே சிவப்படித்திருக்கிறது. சாயத்தை முழுக்க உரித்தெடுக்கத் தேவையில்லை, மேலே சாயம் சேர்த்து டாப்பிங் செய்தால் சரியாகும் என்கிறார் பட்டறை மாஸ்டர். மெஷின் வியாழன், 5ஆம் தேதி கிடைக்கும். காயவைத்து, காம்பேக்டிங் முடித்து, சனிக்கிழமை 7ஆம் தேதி மாலை ஷேடு பார்க்கலாம்.

இங்கே புதியவர்கள் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று இருக்கிறது: சனிக்கிழமையும் வரவில்லையென்றால்? மாஸ்டர் முகம் சுளிப்பார், பரவாயில்லை, கேளுங்கள். மூன்றாம் முறையும் அதே துணியை மெஷினில் விட்டால் துணியின் பதமும் வலுவும் கெடும். அப்போது புதுத் துணிதான். இன்னும் சாயம் ஏறாத கிரே துணி கையில் இருக்கிறதா, இருந்தால் எத்தனை நாள்? இந்தப் பதிலும் கையில் இருந்தால்தான் மெயில் எழுத முடியும். நம் கதையில் பதில், கூடுதலாகப் பத்து நாள்.

திரும்பி வந்ததும் கட்டிங் மாஸ்டரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். இருக்கும் 380 கிலோவை எந்த அளவுகளில் வெட்டப் போகிறார்? அவர் வசதிக்கு முதலில் ஸ்மாலும் மீடியமும் வெட்டிவிட்டால், பையர் முதல் தவணையாக வாங்கும் நேவியில் லார்ஜே இருக்காது. கடையில் தொங்கவிட முடியாத சரக்கு அது. எல்லா அளவுகளையும் ஆர்டர் விகிதப்படி வெட்டச் சொன்னால், 2,000 நேவியும் உடனே விற்கக்கூடியவை. வெட்டுவதற்கு முன்பு இது ஒரு வாக்கியத்தில் முடியும் வேலை. வெட்டியபின் எந்த மெயிலாலும் சரிசெய்ய முடியாது.

முக்கியமான மெயில்

எழுதுவதற்கு முன்பு இதை யார் படிக்கப் போகிறார்கள் என்று யோசியுங்கள். நம்மோடு பேசியவர் மட்டுமல்ல. அவருக்கு மேலே ஒரு வாங்கும் பிரிவுத் தலைவர் இருப்பார், "இந்தச் சப்ளையரை என்ன செய்யலாம்?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு நம் பையர் செய்யப்போவது நம் மெயிலை அப்படியே முன்னனுப்புவது. முந்தைய நாள் பேச்சைக் கேட்காத ஒருவருக்கும் விளங்கும்படி, பையரைச் சங்கடப்படுத்தும் வரி ஒன்றும் இல்லாமல் அது இருக்க வேண்டும். அதனால் பழைய மெயில் சங்கிலியின் கீழே பதிலாக அனுப்பாமல், புதிய மெயிலாகத் தொடங்குங்கள். தலைப்பில் ஆர்டர் எண், நிறம், "ஷேடு நிலையும் திருத்திய தேதிகளும்" என்பது மட்டும் போதும். "மிக அவசரம்", "மன்னிக்கவும்" போன்றவை தலைப்பில் வேண்டாம்.

முதலில், வழக்கமாகப் போகும் மெயில் எப்படி இருக்கும் என்று பார்த்துவிடுவோம்.

> உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மிகவும் வருந்துகிறோம். எங்களுக்குள் இருந்த சிறிய தகவல் குழப்பத்தால் தவறான புரிதல் ஏற்பட்டுவிட்டது. சாயப்பட்டறையின் தாமதத்தால் ஒரு லாட் சற்றுத் தள்ளிப்போயிருக்கிறது. எனினும் எப்படியாவது குறித்த தேதியில் சரக்கை அனுப்பிவிடுவோம். இனி இவ்வாறு நடக்காது என்று உறுதியளிக்கிறோம்.

மரியாதையான மெயில்தான். ஆனால் பையரின் நாற்காலியில் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். "தவறான புரிதல்" என்றால் யார் தவறாகப் புரிந்துகொண்டது, அவரா? சாயப்பட்டறையைத் தேர்ந்தெடுத்தது நாம். அதன் தாமதத்தை அவரிடம் சொல்லி என்ன பயன்? "சற்று" என்பது இரண்டு நாளா, இரண்டு வாரமா? எல்லாவற்றையும்விட மோசமானது "எப்படியாவது". எப்படி என்று தெரியாது என்பதற்கு இதைவிட நல்ல ஒப்புதல் வாக்குமூலம் கிடையாது. ஐந்து வரியில் சரிபார்க்கக்கூடிய தகவல் ஒன்றுகூட இல்லை.

இனி, போக வேண்டிய மெயில்.

> வணக்கம்.
>
> நேற்று நேவி துணி முழுவதும் தயார் என்று நான் சொன்னது தவறு. துணியை நேரில் பார்க்காமல் சொன்னேன். அதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இன்று காலை இரண்டு லாட்டுகளையும் பார்த்தேன், நிலை பின்வருமாறு.
>
> முதல் லாட், 380 கிலோ: ஷேடு சரி, காம்பேக்டிங் முடிந்தது. இதில் 2,000 துண்டுகள் வரும். நாளை கட்டிங்.
>
> இரண்டாவது லாட், 380 கிலோ: ஒப்புதல் பெற்ற நிறத்தைவிட வெளிறியும் சிவப்படித்தும் இருப்பதால் நாங்களே நிராகரித்தோம். வியாழன் 5ஆம் தேதி திருத்தச் சாயம். சனி 7ஆம் தேதி மாலை ஷேடு முடிவு. திங்கள் 9ஆம் தேதி காலை உங்கள் திருப்பூர் அலுவலகத்தில் அந்த லாட்டிலிருந்து வெட்டிய மாதிரித் துணியை ஒப்படைப்போம். அவர்கள் ஒப்புதல் தராமல் வெட்ட மாட்டோம்.
>
> வெள்ளை, சாம்பல்: இரண்டும் ஷேடு தேறியவை. லாட் எண்களும் எடையும் இணைப்பில் உள்ளன.
>
> தேதி: 10,000 துண்டுகள் 24ஆம் தேதி கிளம்பும். மீதி 2,000 நேவி 28ஆம் தேதி தயாராகி அடுத்த வாரக் கப்பலில் போகும். முதல் 2,000 நேவியை எல்லா அளவுகளிலும் ஆர்டர் விகிதப்படி வெட்டுகிறோம், எனவே அவற்றை உடனே கடைக்கு அனுப்பலாம். இரண்டு லாட்டுகளும் ஒரே பெட்டியில் கலக்காமல் தனித்தனியாக பேக் செய்யப்படும்.
>
> சனிக்கிழமை ஷேடு தேறாவிட்டால் அதே துணியை மீண்டும் சாயத்துக்கு விடமாட்டோம். புதிய துணி போடுவோம். அப்படியானால் அந்த 2,000 துண்டுகளுக்கு 28ஆம் தேதிக்கு மேல் இன்னும் 10 நாள் ஆகும்.
>
> உங்களிடமிருந்து ஒரு முடிவு தேவை: சரக்கை மேற்சொன்னபடி இரண்டாகப் பிரித்து அனுப்பலாமா, அல்லது 12,000-மும் ஒன்றாக அடுத்த வாரக் கப்பலில் வர வேண்டுமா? பிரித்து அனுப்புவதே உங்களுக்கு நல்லது என்று நினைக்கிறோம். வெள்ளிக்கிழமை மாலைக்குள் சொன்னால் போதும்.
>
> அடுத்த தகவல் வியாழன், உங்கள் நேரம் மதியம் 2 மணிக்கு வரும்.

இது நீளமான மெயில்தான். நீளத்தைக் கண்டு பயப்பட வேண்டாம்; கனமான தகவல் இருந்தால் பையர் படிப்பார். மன்னிப்பு ஒரே ஒரு முறை, அதுவும் இன்ன தவறுக்கு என்று பெயர் சொல்லி வருகிறது. நேற்று யார் தவறான பதிலைச் சொன்னாரோ அவரே "நான்" என்று எழுதுகிறார். மற்ற இடங்களில் "நாங்கள்". இதை மாற்றிப் போட்டால், அதாவது தவறுக்கு "நாங்கள்", திருத்தத்துக்கு "நான்" என்றால், படிப்பவருக்கு உடனே உறுத்தும்.

வெள்ளையையும் சாம்பலையும் பற்றிப் பையர் கேட்கவே இல்லை. ஆனாலும் லாட் எண்ணோடு இணைத்திருக்கிறோம். முன்பு பார்த்த அந்தச் சந்தேகத்துக்கு இதுதான் மருந்து. கேட்டபின் கொடுத்தால் அது வெறும் பதில்.

புகைப்படம் அனுப்பவில்லையே என்று தோன்றலாம். ஷேடு விஷயத்தில் கைபேசிப் படம் எதிரி. கேமரா ஒவ்வொரு வெளிச்சத்திலும் நிறத்தைத் தானாகத் திருத்திக்கொள்ளும். நல்ல நேவியும் பையரின் திரையில் ஊதாவாகத் தெரியலாம். வெட்டிய மாதிரித் துணி, அல்லது நிறத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோ கருவி தரும் அறிக்கை, இவை இரண்டுமே ஆதாரம். படம் வேண்டுமென்றால் லாட் கார்டைப் படமெடுத்து அனுப்புங்கள், அதில் நிறத் தகராறு வராது.

கெட்ட வழியையும் முன்கூட்டியே சொல்லியிருக்கும் பத்தியை நம் முதலாளிகள் பலர் நீக்கச் சொல்வார்கள். "நாமே ஏன் பயமுறுத்த வேண்டும்?" என்பார்கள். நீக்காதீர்கள். ஷேடு தேறாமல் போகக்கூடும் என்பது பையருக்கும் தெரியும். அதை நாம் சொல்லாவிட்டால் நமக்குத் தெரியாது என்றோ, மறைக்கிறோம் என்றோதான் எண்ணுவார். சொல்லிவிட்டால், அந்த நாள் வந்தாலும் அது அறிவித்த செய்தியாகவே இருக்கும்.

தள்ளுபடி தருகிறோம், ஏர் அனுப்புகிறோம் என்று இந்த மெயிலில் எதுவும் இல்லை. விமானத்தில் அனுப்பும் செலவு ஒரு டி-ஷர்ட்டில் கிடைக்கும் லாபத்தை விழுங்கிவிடும். எழுத்தில் ஒப்புக்கொண்டுவிட்டால் பின்வாங்க முடியாது. முதலாளியின் சம்மதம் இல்லாமல் மெர்ச்சண்டைசர் அந்த வரியை எழுதவே கூடாது. செலவை விட்டுவிட்டுப் பார்த்தாலும், உண்மை நிலை தெரியும் முன்பே பணத்தை நீட்டினால் விஷயம் நாம் சொல்வதைவிட மோசம் என்றுதான் பையர் கணக்குப் போடுவார். அவரே கேட்டால் பேசலாம். அப்போதும் 2,000 துண்டுகளுக்கு மட்டும், யார் எவ்வளவு ஏற்பது என்ற தெளிவோடு.

அதன் பிறகு வரும் சிறிய மெயில்கள்

நல்ல மெயில் ஒன்றை எழுதியதும் வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறோம். நம்பிக்கை திரும்புவது இதற்குப் பிறகு வரும் இரண்டு மூன்று வரி மெயில்களில்தான். வியாழன் 2 மணி என்று சொன்னால் வியாழன் 2 மணி. புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை என்றாலும் போக வேண்டும்: "திட்டத்தில் மாற்றம் இல்லை, அடுத்த தகவல் சனிக்கிழமை."

நம் கதையில் வியாழன் சோதனை வந்தது. முந்தைய பேட்ச் இழுத்துக்கொண்டதால் மெஷின் காலையில் கிடைக்கவில்லை, இரவு 11 மணிக்குத்தான் கிடைக்கும் என்றார்கள். சனிக்கிழமை முடிவு அதனால் மாறாது. அப்படியானால் சொல்ல வேண்டுமா? சொல்ல வேண்டும், இரண்டு மணி மெயிலிலேயே: "துணி இன்னும் மெஷினில் ஏறவில்லை. இன்றிரவு 11 மணிக்கு ஏறும். சனிக்கிழமை ஷேடு முடிவில் மாற்றமில்லை. மாறினால் வெள்ளி காலையிலேயே சொல்கிறேன்." பையருக்கு நேரம் தவறியது பெரிய விஷயமல்ல. தவறியதை, அவர் கேட்கும் முன், கெடு முடியும் முன் எழுதினார்களா என்பதையே இப்போது அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சனிக்கிழமை துணி வந்தது. லைட் பாக்ஸில் இரண்டு விளக்கிலும் ஒத்துப்போனது. ஸ்பெக்ட்ரோ அறிக்கையில் நிற வேறுபாடு 0.7, பையர் குறித்த வரம்பு 1. அறிக்கையை இணைத்து இரண்டு வரி எழுதினால் போதும். "மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம்" என்றெல்லாம் வேண்டாம். தன் ஆர்டர் இருக்க வேண்டிய நிலைக்குத் திரும்பியதற்குப் பையர் விழா எடுக்க மாட்டார்.

பதிலைப் படிப்பது எப்படி

"குறித்துக்கொண்டேன்" என்று ஒற்றை வரி வந்தால் அதைக் கோபம் என்று எண்ணி மறுபடி விளக்கம் எழுதாதீர்கள். அவர் காத்திருக்கிறார், அவ்வளவுதான். அடுத்த தகவலை நேரத்துக்கு அனுப்புங்கள்.

மேலதிகாரியை நகலில் சேர்த்துப் பதில் வந்தால் நடை மாற வேண்டாம். திடீரென்று மெயில் பணிவாகவும் நீளமாகவும் மாறினால் இருவருக்குமே அது தெரியும். வெளியிலிருந்து ஆய்வாளரை அனுப்பப்போவதாகச் சொன்னால் மனவருத்தம் காட்டாமல் அன்றே தேதி கொடுங்கள். மாதிரி எடுத்துச் சோதிக்கும் ஏக்யூஎல் 2.5 அளவுகோல்படி இறுதி ஆய்வு எப்படியும் நடக்கும். இடையில் இன்னொன்று நடப்பதால் நமக்கு நட்டமில்லை. தயங்கினால்தான் நட்டம்.

இரண்டு நாள் பதிலே இல்லை, நாம் கேட்ட முடிவும் வரவில்லை என்றால், மூன்றாவது மெயில் வேண்டாம். போன் செய்யுங்கள், அல்லது திருப்பூர் அலுவலகம் வழியாகக் கேளுங்கள். கப்பல் இடம் பிடிக்க வேண்டிய தேதி நெருங்கும்போது மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு சரக்கைப் பிரித்து அனுப்பிவிடுவது பெரிய ஆபத்து.

மெயிலால் ஆகாத இடங்களும் இருக்கின்றன. இதே பையரிடம் இதே மாதிரி முரண் முன்பும் நடந்திருந்தால் எவ்வளவு நல்ல மெயிலும் பழைய மெயிலின் நகலாகவே தெரியும். அப்போது முதலாளி பேச வேண்டும், முடிந்தால் நேரில். அபராதம், விலைக் கழிவு, ஆர்டர் ரத்து என்ற சொற்கள் பையரின் மெயிலில் வந்துவிட்டால் மெர்ச்சண்டைசர் தனியாகப் பதில் எழுதக் கூடாது. அது கணக்குப் பிரிவும் முதலாளியும் சேர்ந்து எழுத வேண்டிய பதில்.

உறவு தேறிவருகிறது என்பதற்கு அடையாளம் பாராட்டு மெயில் அல்ல, அது அநேகமாக வராது. நகலில் இருந்த மேலதிகாரியின் பெயர் சத்தமில்லாமல் காணாமல்போகும். லாட் எண், எடை என்று கேட்பது நிற்கும். அடுத்த சீசனின் ஒரு ஸ்டைலுக்கு விலை கேட்டு, இந்த ஆர்டரோடு சம்பந்தமில்லாத ஒரு மெயில் வரும். அந்த மெயிலுக்குப் பதில் எழுதும்போது பழைய கூட்டத்தை நினைவூட்டாமல் விலையை மட்டும் எழுதுங்கள்.

தனி நிலவர மெயில்களையும் அந்தக் கட்டத்தில் நிறுத்திவிடலாம், ஆனால் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. 28ஆம் தேதி இரண்டாம் தவணை கிளம்பியதும், கொள்கலன் எண்ணோடு ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: "நேவி தொடர்பான தனி மெயில்கள் இத்துடன் முடிகின்றன, இனி வழக்கமான வாராந்திர அறிக்கையில் தொடரும்."